பலகை தாங்கும், தளம் தாங்குமா?

போன ஐப்பசி மழையில் ஒரு காலை, மைத்துனனிடமிருந்து போன். "அத்தான், பாத்ரூம் சீலிங் விழுந்துடுச்சு. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை."

மேடவாக்கம் பக்கத்தில் ஐந்து மாடி அடுக்ககம். அவனுடைய வீடு இரண்டாவது மாடி. குடிவந்த புதிதில், நான்கு வருடத்துக்கு முன், உள் அலங்கார வேலைக்காரர் ஒருவர் 'வாட்டர்ப்ரூஃப் ஜிப்சம்' என்று சொல்லிப் போட்டுக்கொடுத்த ஃபால்ஸ் சீலிங் அது. ஒரு மூலையிலிருந்து இரண்டடிக்கு இரண்டடி பெயர்ந்து, ஊறிய ரொட்டி போலக் கமோடின் மேல் கிடந்தது.

"கடையில கேட்டேன். இனிமே பி.வி.சி. போடுங்க, ஆயுசுக்கும் கவலை இல்லைங்கிறாங்க. மேஸ்திரி, சிமென்ட் போர்டுதான் கெட்டிங்கிறார். எது போடலாம்?"

"மாப்ளே, ஒண்ணும் வாங்காதே. ஒரு டார்ச், ஒரு ஏணி ரெண்டும் எடுத்து வை. சாயங்காலம் வர்றேன்" என்றேன்.

கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான். குளியலறைக் கூரை விஷயத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி எந்தப் பலகை என்பதுதான். அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது.

தனி வீடென்றால் குளியலறைக்கு ஃபால்ஸ் சீலிங் பெரும்பாலும் அழகுக்காகத்தான். அடுக்ககத்தில் அப்படியில்லை. அன்றைய அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை ஓரடி பள்ளமாக இறக்கி, குழாய்களை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துச் செங்கல் ஜல்லி கொட்டி மூடிவிடுவார்கள். ஒழுகினால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். இப்போது பல கட்டடங்களில் அந்தப் பள்ளம் கிடையாது. மேல் வீட்டின் கழிவுக் குழாய், நஹானி ட்ராப் எல்லாம் தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்து கீழ் வீட்டுக் குளியலறையின் தலைக்கு மேல் தொங்குகின்றன. உங்கள் வீட்டுக் குழாய் உங்களுக்குக் கீழே இருப்பவர் தலைக்கு மேல். அதை மறைக்கத்தான் சீலிங். ஆகவே அந்தப் பலகைக்குத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். கீழேயிருந்து வெந்நீர் ஆவி, மேலேயிருந்து கசிவு.

இந்த இரண்டில் சென்னைக்காரர்கள் பெரிதாகப் பயப்படுவது ஆவிக்கு. உண்மையில் இங்கே கெடுதல் செய்வது பெரும்பாலும் கசிவு. ஆவி தண்ணீராக மாற வேண்டுமானால் அது படும் இடம் குளிர்ந்திருக்க வேண்டும். 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 15 டிகிரிக்கு இறங்கினால் 13 கிராம்தான் தாங்கும். மீதி துளியாகிச் சுவரிலும் கூரையிலும் உட்காரும். எட்டடிக்கு ஐந்தடி குளியலறையில் ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு காபி டம்ளர் அளவு தண்ணீர். குன்னூரிலோ ஊட்டியிலோ தை மாதக் காலையில் இது நாள்தோறும் நடக்கிறது. சென்னையில் கான்கிரீட் தளம் வருடத்தில் பெரும்பாலான நாள் 25 டிகிரிக்குக் கீழே போவதில்லை. இங்கே ஆவி துளியாவது குறைவு. ஆனால் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், ஒருமுறை நனைந்தது காயத் தாமதமாகும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிப்பதில்லை. அதைத் தாண்டினால் பிடிக்கும்.

ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். மைத்துனன் வீட்டுச் சீலிங்கில் இரண்டு விதக் கறை இருந்தது. விழுந்த மூலையைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பு வளையம், அதற்குள் இன்னொரு வளையம். இது கசிவின் கையெழுத்து. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்ததன் வரலாறு அந்த வளையங்களில் இருக்கும். இன்னொரு பக்கம், கதவோரமாக, மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். வளையம் இல்லை, ஓரம் இல்லை. அது ஆவியால் வந்த பூஞ்சை. இரண்டும் ஒரே கூரையில் இருந்ததால், இரண்டு நோய் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இனி பலகைகளுக்கு வருகிறேன். விழுந்ததிலிருந்தே தொடங்கலாம்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட் என்ற உப்பு. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். அதனால்தான் நெருப்புக்கு அது நல்ல தடுப்பு. சூடேறினால் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும், அதுவரை வெப்பம் பின்னால் போகாது. ஆனால் உப்பு உப்புதானே. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் ஜிப்சம் கரையும். கொஞ்சம்தான், ஆனால் பலகைக்கு வலு கொடுப்பது படிகங்களின் ஒன்றோடொன்று பின்னிய பிடிப்பு. ஈரம் பட்டால் முதலில் தளர்வது அந்தப் பிடிப்புதான்.

கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்கும் பச்சைக் காகிதப் பலகையில், ஜிப்சம் கலவையிலேயே சிலிக்கோன் போன்ற நீர்விலக்கியைச் சேர்த்திருப்பார்கள். அதைத் தயாரிப்பவர்கள் அட்டையில் போடும் சொல் ஈரம் தாங்கும் பலகை என்ற பொருள்படும் சொல். தண்ணீர் தாங்கும் என்று அவர்கள் எழுதுவதில்லை. ஐரோப்பியத் தர விதிப்படி முதல் வகுப்புப் பலகையை இரண்டு மணி நேரம் தண்ணீரில் மூழ்கடித்தால், அதன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. சாதாரண வெள்ளைப் பலகை இதைப்போலப் பல மடங்கு குடிக்கும். ஆக முன்னேற்றம் உண்மையானது. ஆனால் அந்தச் சோதனை இரண்டு மணி நேரம்தான். மேல் வீட்டு ட்ராப்பிலிருந்து சொட்டும் நீர் இரண்டு வருடம் சொட்டும்.

இன்னொன்றும் உண்டு. பெயிண்டு அடிப்பது கீழ்ப்பக்கம் மட்டும். கசிவு விழுவது மேல்பக்கம், வெறும் காகிதத்தின் மீது. கிடையாக வைத்த பலகை ஒரு தட்டு. விழுந்த தண்ணீர் ஓட இடமில்லாமல் அங்கேயே நிற்கும், திருகாணி ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கும். காகிதமோ பூஞ்சைக்குச் சாப்பாடு. மைத்துனன் வீட்டில் பலகை உடைந்து விழவில்லை. ஊறிய ஜிப்சம் திருகாணித் தலையை விட்டு நழுவி இறங்கியிருந்தது. திருகாணிகள் அப்படியே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன, கறுப்புத் திருகாணிகள், தலை முழுக்கத் துரு. வரவேற்பறைக்குப் போடும் அதே திருகாணி.

ஜிப்சத்தின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்றிலும் கூடுதல் அழகு அதற்குத்தான். இணைப்பே தெரியாமல் ஒரே சமதளமாக வரும். பெயிண்டு எந்த நிறத்திலும் ஏறும், விளக்குக்கு ஓட்டை போடுவது எளிது. மேலே வேறு வீடு இல்லாத கடைசி மாடியில், மொட்டைமாடியின் தட்டோடு ஒழுங்காக இருந்தால், குளிக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால், பச்சைப் பலகை பல வருடம் நிற்கும். விருந்தினர் கழிவறைக்கும், குளிக்காமல் கைகழுவ மட்டும் பயன்படும் இடத்துக்கும் தாராளமாகப் போடலாம். மேல் வீட்டு ட்ராப் தொங்கும் இடத்தில் நான் போட மாட்டேன்.

சிமென்ட் போர்டு என்ற பெயரில் கடையில் இரண்டு பொருள் கிடைக்கும். சிமென்டோடு மரக்கூழ் நார் சேர்த்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்த நார் சிமென்ட் பலகை ஒன்று. மரத்துகளைச் சிமென்டில் பிசைந்து அழுத்திய பலகை மற்றது. சீலிங்குக்கு முதலாவதுதான் ஏற்றது, 6 மில்லிமீட்டர் கனம் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகையும் பார்வைக்கு இதே சாம்பல் நிறம்தான். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று பலகையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பலரும் நினைப்பதற்கு மாறாக, சிமென்ட் போர்டு தண்ணீரை உறிஞ்சாத பொருளல்ல. பச்சை ஜிப்சத்தைவிடக் கூடுதலாகவே குடிக்கும். மூழ்கி ஊறினால் தன் எடையில் கால் பங்கு அளவுக்குக்கூடக் குடிக்கும். வித்தியாசம் என்னவென்றால், குடித்தாலும் கரையாது, இளகாது. காய்ந்தால் பழையபடி இருக்கும். ஆகவே கசிவில் பலகை தப்பிக்கும். தவறுவது இணைப்புகள்.

ஈரம் ஏறும்போது பலகை சற்று விரியும், காயும்போது சுருங்கும். மைத்துனன் வீட்டு எட்டடி, ஐந்தடிக் கூரைக்கு எட்டுக்கு நான்கு பலகை இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தடி நறுக்கினால், நடுவில் ஒரே ஓர் இணைப்போடு முடிந்துவிடும். அந்த இணைப்பில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பாலியூரித்தேன் சீலன்ட் போன்ற நெகிழும் பசையால் அடைக்க வேண்டும். சுவரோரமும் அப்படியே. நம் ஊரில் நடப்பது வேறு. ஜிப்சம் வேலை செய்து பழகிய ஆள், கையிலிருக்கும் அதே ஜிப்சம் பவுடரையும் காகித டேப்பையும் வைத்துச் சிமென்ட் போர்டு இணைப்பைப் பூசிவிடுவார். ஒரே மழைக்காலம், நேர்கோடாக ஒரு விரிசல். வீட்டுக்காரர் பலகை மட்டம் என்று திட்டுவார். பலகையில் குற்றமில்லை. தண்ணீர் தாங்கும் பலகையை, தண்ணீரில் கரையும் பூச்சால் ஒட்டியது குற்றம்.

எடையும் கவனிக்க வேண்டியது. அந்த 40 சதுரடிக்கு 6 மில்லிமீட்டர் சிமென்ட் போர்டு ஏறக்குறைய 30 கிலோ. 12.5 மில்லிமீட்டர் ஜிப்சமும் அதைவிடச் சற்றுக் கூடும். சிமென்ட் ஊறினால் இன்னும் ஏழு கிலோ ஏறும். ஆகவே மேலே தொங்கும் இரும்புச் சட்டமும் தளத்தில் அடிக்கும் ஆங்கரும் உறுதியாக இருக்க வேண்டும். திருகாணி போடும் முன் ஓட்டை துளைத்துக்கொள்ள வேண்டும், ஓரத்திலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் தள்ளி. இல்லாவிட்டால் ஓரம் பிஸ்கட் போல உடையும். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், வெட்டுவது வெளியில் வைத்து, முகமூடியோடு. பெயிண்டுக்கு முன்னால் சிமென்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட். இவ்வளவும் செய்யத் தெரிந்த ஆள் கிடைத்தால் மட்டும் சிமென்ட் போர்டு. நெருப்புப் பயம் இல்லாதது, எலி கடிக்காதது, தட்டினால் திடமாகச் சத்தம் கொடுப்பது. எனக்குப் பிடித்த பொருள், ஆனால் பாதி வேலைக்காரர்களுக்குப் பிடிக்காத பொருள்.

பி.வி.சி. பேனல் வந்த புதிதில் நான் அதை மதித்ததில்லை. பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைக் கூரையில் மாட்டுவது போலத் தோன்றும். இப்போது அந்தக் கர்வம் இல்லை. பத்தங்குல அகலம், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கனம். உள்ளே சிறுசிறு அறைகளாக வெற்றிடம், ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். தண்ணீர் ஒரு சொட்டும் ஏறாது, பூஞ்சைக்குத் தின்ன ஒன்றுமில்லை. 40 சதுரடிக்கு மொத்த எடையே பத்துக் கிலோவைச் சுற்றித்தான். பெயிண்டு வேண்டாம். இரண்டு ஆள் அரை நாளில் முடித்துவிடுவார்கள்.

நல்லதா மட்டமா என்று கண்டுபிடிக்க ஒரு துண்டைக் கையில் எடுத்து, வெட்டு முகத்தைப் பாருங்கள். உள்தடுப்புகள் நெருக்கமாக, கனமாக இருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலால் முகத்தை அழுத்தினால் குழி விழக் கூடாது. மெல்ல வளைத்தால் வளைய வேண்டும். சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டுத் தயாரித்தது வளையாமல் பட்டென்று உடையும்.

அதற்கும் எல்லை உண்டு. 60 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து இருந்தால் தொய்யத் தொடங்கும். ஆகவே பழைய ஹாலஜன் விளக்கெல்லாம் கூடாது, எல்.ஈ.டி. மட்டும். நெருப்புப் பட்டால் தானாகக் கொழுந்துவிட்டு எரியாது என்று விற்பவர் சொல்வது ஓரளவு சரிதான். ஆனால் கருகும்போது வெளியேறும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு இருக்கும். சீலிங்குக்கு மேல் மின் கம்பி இணைப்புகளை டேப் சுற்றித் தொங்கவிடாமல், மூடிய பெட்டிக்குள் வைப்பது இதற்காகவும்தான். வெப்பத்தில் விரியும் குணமும் உண்டு, அதனால் இரண்டு முனையிலும் 5 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும், ஓரப் பட்டி அதை மறைத்துவிடும். குன்னூர் போன்ற குளிர் ஊரில் வேறொரு தொல்லை: வழவழப்பான முகத்தில் ஆவி துளித்து, குளித்துத் துவட்டியவர் முதுகில் சில்லென்று சொட்டும். அங்கே ஃபேன் இல்லாமல் பி.வி.சி. வேண்டாம்.

இவ்வளவு கேட்டால் மேடவாக்கத்துக்குப் பி.வி.சி.தான் என்று முடிவு கட்டிவிடலாம். நானும் கடைசியில் அதைத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன் மைத்துனனைத் தளத்தின் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னேன். ட்ராப்பைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்குக் கான்கிரீட் கருத்திருந்தது. ஓரிடத்தில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்து காரையைத் தள்ளும்.

"ஜிப்சம் விழுந்தது உனக்கு நஷ்டம்னு நினைக்கிறே. அது விழுந்ததாலதான் இதைப் பார்க்கிறோம். நாலு வருஷத்துக்கு முன்னாலயே பி.வி.சி. போட்டிருந்தா, இன்னிக்கும் பளபளன்னு இருந்திருக்கும். மேலே கம்பி அரிச்சுக்கிட்டே இருந்திருக்கும்."

ஜிப்சம் கறை காட்டும். சிமென்ட் போர்டின் பெயிண்டு உப்பும். பி.வி.சி. எதையும் காட்டாது. கசியும் நீர் பேனலின் முதுகில் ஓடி, பள்ளத்தில் இறங்கி, உள்ளறைகள் வழியாக வழிந்து, எங்கோ ஒரு சுவரோரம் சொட்டும். ட்ராப் ஒரு மூலையில் ஒழுகினால், துளி எதிர்மூலையில் விழும். அதைச் சுவர் ஓதம் என்று நினைத்துச் சுவருக்குப் பூச்சு அடித்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே தண்ணீரை நன்றாகத் தாங்கும் பலகை போட்டால், மேலே எட்டிப் பார்க்க ஒரு கதவு கட்டாயம் வேண்டும். அந்தக் கதவு இல்லாத பி.வி.சி. சீலிங்கைவிட, கறை காட்டும் ஜிப்சமே மேல்.

கசிவைக் கண்டுபிடித்தது இப்படி. குழாய்களையும் தளத்தையும் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ காகிதம் சுற்றி வைத்தோம். இரவு முழுக்க எதுவும் நனையவில்லை. நல்ல தண்ணீர்க் குழாய் ஒழுகினால் யாரும் பயன்படுத்தாதபோதும் சொட்டும், ஏனெனில் அதில் அழுத்தம் எப்போதும் உண்டு. காலையில் மேல் வீட்டில் குளித்த பத்து நிமிடத்தில், ட்ராப் தளத்தைத் துளைத்து வரும் இடத்தில் காகிதம் நனைந்தது. குழாய் இணைப்புகள் உலர்ந்தே இருந்தன. ஆக ஒழுகுவது குழாய் அல்ல, குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் அடைத்த சிமென்ட் சுருங்கி விட்ட சந்து. உறுதிசெய்ய, மேல் வீட்டுக்காரர் அனுமதியோடு அவர்கள் ட்ராப் வாயை அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டோம். மாலைக்குள் அந்த இடம் கருத்து முத்துமுத்தாகத் துளித்தது.

இதைக் கீழேயிருந்து அடைப்பது வீண். எபாக்சி பூசினால் ஒரு மாதம் நிற்கும், பிறகு தண்ணீர் பக்கத்தில் வழி தேடும், கான்கிரீட் இன்னும் அதிகமாக ஊறும். மேலேதான் வேலை. ட்ராப்பைச் சுற்றி நான்கு டைல்களைப் பெயர்த்து, பழைய சிமென்டைச் சுரண்டி, சுருங்காத கிரவுட் ஊற்றி, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், பிறகு மறுபடி தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம். மேல் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். கீழே கூட்டிவந்து ஏணியில் ஏற்றித் தளத்தைக் காட்டியதும் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். அது அவருக்கும் காலடித் தளமல்லவா. கீழே துருப்பிடித்த இடத்தைக் கொத்தி, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம்.

இரண்டாவது நோய், கரும்புள்ளி. எக்ஸாஸ்ட் ஃபேனின் பின்னால் இருக்கும் வளையும் குழல், வெளிச்சுவர் வரை போகவேண்டியது, நடுவழியில் கழன்று சீலிங்குக்கு மேலேயே கிடந்தது. நான்கு வருடமாக ஃபேன் ஓடும்போதெல்லாம் ஆவி முழுக்கச் சீலிங்கின் முதுகில் கொட்டியிருக்கிறது. சுவரோரச் சட்டம் சுற்றிலும் வெள்ளையாகவும் பழுப்பாகவும் பொரிந்திருந்ததற்குக் காரணம் இதுதான். குழலைக் கிளிப் போட்டு இறுக்கி, வெளியே வாயை மூடியோடு பொருத்தினோம். குளியலறைக் கதவின் அடியில் அரை அங்குலச் சந்தும் விட்டோம். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், ஆவி போகாது. குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பேனல் வாங்கப் போனோம். பேனலை ஐந்தடிப் பக்கமாகப் போடுவது என்று முடிவு. எட்டடி நீளத்துக்குப் பத்தங்குலப் பேனல் பத்து வரிசை. பத்தடிப் பேனல் ஒன்றை இரண்டாக்கினால் ஐந்து பேனல் போதும், வெட்டும்போது உடைவதற்கு ஒன்று கூடுதல், ஆக ஆறு. கடையில் அளந்தபோது அவர்கள் பத்தடி என்று சொன்னது ஒன்பதரை அடிதான் இருந்தது. அதை வாங்கியிருந்தால் ஒன்றில் ஒரு துண்டுதான் வந்திருக்கும், பத்துப் பேனல் வாங்க வேண்டியிருக்கும். அடுத்த கடைக்குப் போனோம். டேப் கொண்டுபோனதால் பிழைத்தோம்.

சட்டத்துக்கு மர ரீப்பர் போடலாம், மலிவு என்றார் வேலைக்காரர். ஈரமான இடத்தில் மரம் உப்பும், கரையான் ஏறும், வேண்டாமென்றேன். புதிய ஜி.ஐ. சட்டம், இரண்டடிக்கு ஒரு தாங்கல். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் அலுமினியமே நல்லது, உப்புக்காற்றில் ஜி.ஐ. நெடுநாள் நிற்காது. திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. மொத்தமே நூறு திருகாணி கூட வராது, அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? முடித்த உயரம் எட்டடி. தேசியக் கட்டட விதி குளியலறைக்குக் கேட்பது குறைந்தது 2.1 மீட்டர், அதாவது ஏழடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே குழாய்க்குக் கீழே தாராளமாக இடம் கிடைத்தது.

கதவு ஒன்றரை அடிச் சதுரம், சரியாக ட்ராப்பின் கீழே. அதன் சட்டத்தைப் பேனலில் மாட்டாமல், தனியாக இரண்டு ஜி.ஐ. துண்டு வைத்து அதில் மாட்டினோம். பேனலில் மாட்டினால் நாலு தடவை திறந்ததும் தொய்ந்துவிடும். வேலைக்காரர், "அழகு போயிடும் சார், கதவு மூலையில வைக்கலாமே" என்றார். மூலையில் வைத்தால் தலை நுழையும், கண் ட்ராப்புக்கு எட்டாது. கதவு ட்ராப்புக்குத்தான், அழகுக்கல்ல என்று சொல்லி அங்கேயே வைத்தோம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே எந்தப் பலகை இருந்தாலும் சரி, மேல் வீட்டார் குளித்து முடித்த ஒரு காலை, ஒரு விளக்கு ஓட்டையைக் கழற்றியாவது டார்ச்சோடு மேலே பாருங்கள். தளம் வெளுத்துக் காய்ந்திருந்தால் பலகையைப் பற்றி அவசரமில்லை. கருத்திருந்தால், பலகைக் கடைக்குப் போகும் முன் மேல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.